வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவரின் வேலையை முடித்துவைப்பது: முன்னறிவிப்பிலிருந்து கடைசிக் கணக்கு வரை

அம்மாவையோ அப்பாவையோ வருடக்கணக்கில் பார்த்துக்கொண்ட ஒருவரிடம் "இனி நீங்கள் வரவேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் பல குடும்பங்கள் பேச்சைத் தள்ளிப்போடுகின்றன. கடைசி வாரத்தில் அவசரமாகச் சொல்லி, கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுகின்றன. கொடுத்தது எதற்கான பணம், எத்தனை நாள் சம்பளம், மிச்ச விடுப்பு என்ன ஆயிற்று என்று அவருக்கும் தெரியாது, குடும்பத்துக்கும் தெரியாது. கொடுத்தவர் தாராளமாகக் கொடுத்ததாக நினைப்பார், வாங்கியவர் குறைவாகத்தான் வந்தது என்று நினைப்பார். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்காமலேயே இப்படி ஆகிவிடுகிறது.

இந்த வழிகாட்டி ஒரு சூழலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பராமரிப்பாளர் மீது எந்தக் குறையும் இல்லை. முதியவர் முதியோர் இல்லத்துக்கோ வேறு பிள்ளையின் வீட்டுக்கோ மாறுகிறார். அதனால் வேலை முடிகிறது. வீட்டோடு தங்கி வேலை செய்பவரை மனதில் வைத்தே எழுதுகிறேன். அவருக்கு வேலை போகும் நாளிலேயே இருப்பிடமும் போகிறது என்பதால் கவனம் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். தினமும் வந்து போகிறவருக்கும் இருப்பிடம் தவிர மற்றதெல்லாம் பொருந்தும். திருட்டு, வன்முறை போன்ற புகார் இருந்தால் அது வேறு கதை. அதற்கு விசாரணையும் சட்ட ஆலோசனையும் வேண்டும், இங்கே சொல்லும் முறை போதாது.

முதல் வேலை: பேசுவதற்கு முன்பே தேதியை முடிவு செய்வது

"இன்னும் கொஞ்ச நாளில்", "அம்மா போன பிறகு பார்க்கலாம்" என்று சொல்வது முன்னறிவிப்பு ஆகாது. வேலையின் கடைசி நாள் நாட்காட்டியில் உள்ள ஒரு தேதியாக இருக்க வேண்டும். அதை முடிவு செய்யும் முன் மூன்று இடங்களில் பாருங்கள்.

ஒன்று, வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிய ஒப்பந்தம். முறையான ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், அப்போது அனுப்பிய செய்திகளில் "நிறுத்துவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடுவோம்" என்று ஒரு வரி இருக்கலாம். அதுவும் வாக்குறுதிதான்.

இரண்டு, நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம். வீட்டு வேலையாளர்களுக்குக் குறைந்தபட்ச முன்னறிவிப்பு, விடுப்புச் சம்பளம், பணிக்கொடை, சமூகப் பாதுகாப்புச் சந்தா ஆகியவை நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் வேலை செய்த வருடங்கள் கூடக் கூட முன்னறிவிப்பும் நீளும். தொழிலாளர் துறையின் அலுவலகத்திலோ தளத்திலோ "வீட்டு வேலையாளர்" என்ற தலைப்பில் தேடுங்கள். பொதுத் தொழிலாளர் சட்டம் அவர்களை விட்டுவிட்டு, தனி விதி ஒன்று இருப்பதும் உண்டு. ஒப்பந்தம் சட்டத்தைவிடக் குறைவாகச் சொன்னால் பொதுவாகச் சட்டமே செல்லும்.

மூன்றாவது, இவை இரண்டும் எதுவும் சொல்லாதபோது நியாயம் என்ன சொல்கிறது என்பது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் வீட்டு வேலையாளர்களுக்கென்றே 189-வது உடன்படிக்கையையும் 201-வது பரிந்துரையையும் நிறைவேற்றியது. வேலையை முடிக்கும் நிபந்தனைகளும் முன்னறிவிப்புக் காலமும் வேலையாளருக்குப் புரியும்படி முதலிலேயே தெரிவிக்கப்பட வேண்டும் என்று உடன்படிக்கை சொல்கிறது. வீட்டோடு தங்குபவரைக் கடுமையான தவறு இல்லாத காரணத்துக்காக நிறுத்தினால், நியாயமான முன்னறிவிப்பும், அந்தக் காலத்திலேயே வேறு வேலையும் தங்குமிடமும் தேட நேரமும் தர வேண்டும் என்கிறது பரிந்துரை. எத்தனை நாள் என்று எண் சொல்லவில்லை. என் கணிப்பில், தினமும் வந்து போகிறவருக்கு ஒரு முழுச் சம்பள மாதத்துக்குக் குறைவாகத் தருவது நியாயமில்லை. தங்கியிருப்பவருக்கு ஆறு வாரம் தரப் பாருங்கள். அவர் தேடுவது வேலையை மட்டுமல்ல, படுக்க ஓர் இடத்தையும்.

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மா ஜூலை 5 அன்று முதியோர் இல்லத்துக்குப் போகிறார். பராமரிப்பாளர் மூன்று வருடமும் சில மாதமும் வேலை செய்திருக்கிறார். பிள்ளைகள் ஜூன் 6 அன்று அவரிடம் பேசுகிறார்கள். சொன்ன நாளைக் கணக்கில் சேர்க்காமல் மறுநாளிலிருந்து எண்ணினால், ஜூனில் 24 நாள், ஜூலையில் 18 நாள், மொத்தம் 42 நாள். ஆகவே கடைசி நாள் ஜூலை 18.

அம்மா ஜூலை 5 அன்றே போய்விடுகிறாரே, மீதி இரண்டு வாரம் எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். முன்னறிவிப்பு வேலையாளருக்கான காலம். முதியவர் எப்போது கிளம்புகிறார் என்பதை வைத்து அது சுருங்குவதில்லை. அந்த இரண்டு வாரத்தில் அறையை ஒழுங்குபடுத்துவது, பொருட்களைப் பிரித்து வைப்பது போன்ற சிறு வேலை இருக்கலாம், எதுவும் இல்லாமலும் போகலாம். எப்படியானாலும் ஜூலை 18 வரை சம்பளம் உண்டு. முன்னதாகவே அவர் வேறு இடத்தில் சேர விரும்பினால் அது அவர் விருப்பம். நீங்கள் வற்புறுத்தி முன்னதாக அனுப்பினால் மீதி நாட்களின் சம்பளத்தைக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது: கணக்கைப் போட்டு வைப்பது

பேச உட்காரும்போதே தொகை தயாராக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். "கணக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால், அவர் வரும் ஆறு வாரமும் அதை நினைத்துக்கொண்டே இருப்பார். கேட்கவும் கூச்சமாக இருக்கும். தன் பணத்தைத் தானே வாய்விட்டுக் கேட்கும் நிலைக்கு அவரைத் தள்ளக் கூடாது.

உதாரணத்தில் மாதச் சம்பளம் 31,200 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணம் என்பது இங்கே முக்கியமில்லை, கணக்கிடும் முறைதான் முக்கியம். வாரம் ஒரு நாள் விடுப்பு. ஜூன் மாதச் சம்பளம் வழக்கமான நாளில் வழக்கம்போல் போய்விட வேண்டும். "எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் தருகிறோம்" என்று நிறுத்தி வைக்காதீர்கள்.

முதலில் நாள் சம்பளம். பிழை அதிகம் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மாதச் சம்பளத்தை நாளாக்க இரண்டு வழிகள் உண்டு. முப்பதால் வகுத்தால் 1,040 வரும். அப்படி வகுத்தால் வார விடுப்பு உட்பட எல்லா நாளையும் எண்ண வேண்டும். ஜூலை 1 முதல் 18 வரை 18 நாள், ஆக 18,720. வார விடுப்பைக் கழித்து மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்து வகுத்தால் 1,200 வரும். அப்போது வேலை நாளை மட்டும் எண்ண வேண்டும். அந்த 18 நாளில் வார விடுப்பு இரண்டு. ஆக 16 நாள், 19,200.

இரண்டுமே நேர்மையான வழிகள்தான், தொகையில் சிறு வித்தியாசம் மட்டும் வரும். தவறு எது என்றால், இரண்டையும் கலப்பது. முப்பதால் வகுத்துவிட்டு வேலை நாளை மட்டும் எண்ணினால் 16 பெருக்கல் 1,040, அதாவது 16,640. விடுப்பு நாட்களின் கூலி முழுவதுமாகக் காணாமல் போய்விடுகிறது. இப்படிக் கலந்து போட்டது தெரியாமலேயே பலர் குறைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு: அதே முறையில் 30 நாளும் 4 வார விடுப்பும் உள்ள ஒரு முழு மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளம் திரும்பி வரவில்லை என்றால் முறையில் பிழை இருக்கிறது. சட்டமோ ஒப்பந்தமோ எந்த வழி என்று சொல்லாவிட்டால், வேலையாளருக்குக் கூடுதலாக வரும் வழியை எடுங்கள். இந்தக் குடும்பம் 19,200-ஐ எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது எடுக்காத விடுப்பு. வருடத்துக்கு 12 வேலை நாள் சம்பளத்துடன் விடுப்பு என்று பேச்சு. ஜனவரியிலிருந்து ஜூலை வரை சேர்ந்தது 7 நாள். ஜூலை பாதி மாதம்தான் என்றாலும் அதை முழுதாக எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது 2 நாள், மீதி 5. விடுப்பு வேலை நாளாகப் பேசப்பட்டதால் 1,200-ஆல் பெருக்க வேண்டும். 6,000 வருகிறது.

பிறகு, விடுப்பு நாளில் செய்த வேலை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வார விடுப்பில் மூன்று நாட்களை அவர் எடுக்காமல் கூடவே இருந்தார். "பிறகு எடுத்துக்கோங்க" என்று சொன்னார்கள், அந்தப் பிறகு வரவே இல்லை. மூன்று நாளுக்கு 3,600. சில சட்டங்கள் ஓய்வு நாள் வேலைக்குக் கூடுதல் விகிதம் கேட்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது யார் நினைவிலும் சரியாக நிற்காத கணக்கு. பழைய செய்திகள், ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதிகள், அவர் வைத்திருக்கும் குறிப்பு எல்லாவற்றையும் பார்த்துத் தேதி வாரியாக எழுதுங்கள். அவர் நான்கு நாள் என்றும் நீங்கள் மூன்று நாள் என்றும் சொன்னால், எழுத்தில் எதுவும் இல்லாதபோது அவர் சொல்வதை ஏற்றுக்கொள்வதே சரி. ஓய்வு நாளைக் குறித்து வைக்கும் பொறுப்பு சம்பளம் கொடுப்பவருடையது.

அவர் தன் கைப்பணத்தில் மருந்துக்கும் வண்டிக்கும் செலவழித்தது 850. அதையும் சேர்க்க வேண்டும்.

கழிப்பது ஒன்றே ஒன்று. அவர் வாங்கிய முன்பணம் 10,000-இல் 6,000 திரும்பி வந்துவிட்டது, 4,000 மீதி. இதைக் கழிக்கலாமா, எவ்வளவு வரை கழிக்கலாம் என்பதற்குச் சட்ட வரம்பு இருக்கக்கூடும். கழிப்பதாக இருந்தால் அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். உடைந்த பாத்திரம், வேலையுடுப்பு, கையுறை, துணி துவைத்த செலவு என்று எதையும் கழிக்காதீர்கள். வேலைக்குத் தேவையான உடுப்புக்கும் கருவிக்கும் பாதுகாப்புப் பொருளுக்கும் ஆன செலவைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று 201-வது பரிந்துரையும் சொல்கிறது. அவர் சாப்பிட்டதையும் தங்கியதையும் கடைசியில் புதிதாகக் கணக்கில் கொண்டுவருவது வெறும் கஞ்சத்தனம் அல்ல, பேச்சு மீறல்.

இதுவரை வந்தது கட்டாயமாகத் தர வேண்டியது: 19,200, 6,000, 3,600, 850 சேர்ந்து 29,650. முன்பணம் 4,000 போக 25,650.

இதற்கு மேல் பணிக்கொடை. சட்டம் கேட்கும் இடத்தில் அது கடன், அன்பளிப்பு இல்லை. அதைச் சட்டம் சொல்லும் சூத்திரத்தில் போட வேண்டும். சட்டம் கேட்காத இடத்தில் குடும்பத்தின் விருப்பம். இந்தக் குடும்பம் ஒரு மாதச் சம்பளம், 31,200 தருவதென்று முடிவு செய்கிறது. ஆக மொத்தம் 56,850. தாளில் இந்த இரண்டும் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். உரிமையான பணத்தையும் அன்பாகக் கொடுத்த பணத்தையும் ஒரே தொகையாகக் கொடுத்தால், தனக்கு வரவேண்டியது முழுதாக வந்ததா என்று அவரால் சரிபார்க்க முடியாது. ஒரு சேலையோ கைக்கடிகாரமோ கொடுப்பதும் அப்படித்தான். கொடுங்கள், ஆனால் சம்பளத்துக்கு ஈடாக அல்ல.

முகவர் நிறுவனம் வழியாக வந்தவர் என்றால் ஒப்பந்தம் நிறுவனத்தோடு இருக்கும், முன்னறிவிப்பு அதற்கும் போக வேண்டும். ஆனால் அவரிடம் நேரில் சொல்வதை நிறுவனத்திடம் விட்டுவிடாதீர்கள். நீங்கள் கட்டும் தொகையில் விடுப்புச் சம்பளமாக அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது: சொல்வது

யார் சொல்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சம்பளம் கொடுத்து, வேலை விஷயங்களைப் பேசி வந்தவர்தான் சொல்ல வேண்டும். மூன்று பிள்ளைகள் எதிரே உட்கார்ந்தால் அது விசாரணை போல இருக்கும். ஒருவர் போதும். தொலைவில் இருக்கும் பிள்ளைதான் பொறுப்பாளர் என்றால், வந்து நேரில் சொல்லுங்கள். வரவே முடியாதபோதுதான் வீடியோ அழைப்பு.

நேரம் முக்கியம். இரவு முழுக்க முதியவரோடு கண்விழித்த காலையில் வேண்டாம். அவர் விடுப்பில் ஊருக்குக் கிளம்பும் நிமிடத்திலும் வேண்டாம். முதியவர் தூங்கும் பகல் பொழுது ஒன்றில், வேறொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தனி அறையில் உட்கார்ந்து பேசுங்கள். அவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். பேச்சுக்குப் பிறகு ஓரிரு மணி நேரம் அவருக்கு வேலை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்ட செய்தியை விழுங்கிக்கொண்டு உடனே போய்ச் சிரித்த முகத்தோடு சோறூட்ட வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது.

முதல் இரண்டு வாக்கியத்துக்குள் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நலம் விசாரித்து, பழங்கதை பேசி, பத்து நிமிடம் கழித்துத் திடீரென்று சொன்னால் அவர் அந்தப் பத்து நிமிடத்தையும் திரும்ப நினைத்து வருந்துவார். இப்படி ஆரம்பிக்கலாம்:

"அக்கா, ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும். அம்மாவை ஜூலை 5-ஆம் தேதி முதியோர் இல்லத்துல சேர்க்கிறோம், அதனால இங்க உங்க வேலை ஜூலை 18-ஓட முடியுது. உங்க வேலையில எந்தக் குறையும் இல்ல. ராத்திரியில அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க இப்ப ரெண்டு பேர் வேணும்னு டாக்டர் சொல்லிட்டார், அது வீட்டுல முடியல. பதினெட்டாம் தேதி வரைக்கும் முழுச் சம்பளம் உண்டு. மீதி விடுப்பு, நீங்க எடுக்காம விட்ட ஓய்வு நாள் எல்லாம் கணக்குப் போட்டு இந்தத் தாள்ல எழுதியிருக்கேன். இப்பவே பார்க்கணும்னு இல்ல, வச்சுக்கோங்க, ரெண்டு நாள்ல பேசலாம்."

அதற்குப் பிறகு நிறுத்துங்கள். அவர் அழலாம், கோபப்படலாம், "நான் தனியாவே தூக்கிக்கிறேன்" என்று சொல்லலாம். முடிவு ஆகிவிட்டது என்றால் அதை மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையைக் கொடுக்காதீர்கள். "பார்க்கலாம்" என்ற சொல் அங்கே பெரிய கொடுமை. அதை நம்பி அவர் வேறு வேலை தேடாமல் இருந்துவிடுவார். "அது முடிவாயிடுச்சு அக்கா, உங்களுக்கு அடுத்த இடம் கிடைக்க என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்பதே சரியான பதில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்" என்பதை இந்தப் பேச்சில் தவிர்த்துவிடுங்கள். உண்மையாகவே அப்படி நினைத்தாலும், வேலை போகும் நேரத்தில் கேட்டால், பணம் பற்றிப் பேசாதே என்று சொல்வது போல இருக்கும். பாசத்தைக் காட்ட இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

நான்காவது: எழுத்தில் கொடுப்பது

பேசிய அன்றே கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும். அவர் வாசிக்கும் மொழியில் எழுதுங்கள். வாசிப்பது சிரமம் என்றால் உரக்கப் படித்துக் காட்டி, அவர் நம்பும் ஒருவரிடம் காட்ட ஒரு பிரதி கொடுங்கள். நீளம் வேண்டாம். இவ்வளவு போதும்:

> தேதி: ஜூன் 6
>
> (பெயர்) அவர்களுக்கு,
>
> எங்கள் அம்மா ஜூலை 5 அன்று முதியோர் இல்லத்துக்கு மாறுவதால், எங்கள் வீட்டில் உங்கள் பராமரிப்புப் பணி ஜூலை 18 அன்று முடிவடைகிறது. ஜூன் 7 முதல் ஜூலை 18 வரை 42 நாள் முன்னறிவிப்புக் காலம். இந்த நாட்களுக்கு முழுச் சம்பளம் உண்டு. உங்கள் பணியில் குறை எதுவும் இதற்குக் காரணம் அல்ல.
>
> ஜூன் மாதச் சம்பளம் வழக்கமான நாளில் தரப்படும். இறுதித் தொகை 56,850, இணைத்துள்ள கணக்கின்படி, ஜூலை 18 அன்று உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்.
>
> வேறு வேலையும் தங்குமிடமும் தேட, வார விடுப்பு தவிர வாரத்தில் ஒரு நாள் சம்பளத்துடன் வெளியே செல்லலாம். தேவைப்பட்டால் ஜூலை 31 வரை இப்போதைய அறையிலேயே வாடகையின்றித் தங்கலாம்.
>
> பணிச் சான்றிதழ் ஜூன் 13-க்குள் தரப்படும்.
>
> (கையெழுத்து)

கணக்குத் தாளில் ஒவ்வொரு வரியும் எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று இருக்கட்டும். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு உங்கள் பிரதியில் அவர் கையெழுத்துப் போடலாம், ஆனால் "பெற்றுக்கொண்டேன்" என்பதற்கு மட்டும். "ஒப்புக்கொள்கிறேன்" என்று அந்த நிமிடத்திலேயே எழுதி வாங்காதீர்கள். அவர் கணக்கைப் பார்க்க இரண்டு மூன்று நாள் வேண்டும். பார்த்துவிட்டு ஏதாவது விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னால், அதற்காகத்தான் முன்கூட்டியே கொடுத்தோம் என்று சொல்லித் திருத்துங்கள்.

சான்றிதழை ஏன் கடைசி நாள் வரை தள்ளக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. வேலை தேடும்போதுதான் அது தேவை. அதில் "நல்லவர், நம்பகமானவர்" என்று மட்டும் எழுதினால் அடுத்த குடும்பத்துக்கு எதுவும் புரியாது. எந்தத் தேதியிலிருந்து வேலை செய்தார், எப்படிப்பட்ட முதியவரைப் பார்த்துக்கொண்டார், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, இன்சுலின் நேரம் பார்ப்பது, மறதி உள்ளவரை இரவில் சமாளிப்பது என்று அவர் உண்மையில் செய்ததை எழுதுங்கள். வேலை முடிந்த காரணத்தையும் எழுதுங்கள், இல்லையென்றால் வாசிப்பவர் தானே ஏதாவது ஊகிப்பார்.

நடுவில் உள்ள ஆறு வாரம்

முதியவரிடம் யார், எப்போது சொல்வது என்பதைப் பராமரிப்பாளரோடு கலந்து பேசுங்கள். பல வீடுகளில் அவர்தான் முதியவரை நன்றாக அறிந்தவர். மறதி நோய் உள்ளவருக்கு மாதக்கணக்கில் முன்னால் சொல்வது ஒவ்வொரு நாளும் புதிதாகப் பயமுறுத்துவதாக ஆகலாம். பிரிவைச் சொல்லும் சுமையை மட்டும் பராமரிப்பாளர் தலையில் வைக்காதீர்கள். "அக்கா ஊருக்குப் போயிருக்காங்க" என்ற பொய்யை அவரைச் சொல்லவைப்பதும் வேண்டாம்.

அவர் தலையில் இருக்கும் விவரங்களை எழுதி வாங்குவது இந்தக் காலத்தின் பெரிய வேலை. எந்த மாத்திரையை எதோடு கொடுத்தால் விழுங்குவார், எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும், எந்த நேரத்தில் பதற்றம் வரும், எப்படிப் பேசினால் அடங்கும் என்பதெல்லாம் எந்த மருத்துவக் குறிப்பிலும் இருக்காது. இதை வேலை நேரத்துக்குள் உட்கார்ந்து, அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அவரை இல்லத்துக்கே அழைத்துப்போய் அங்குள்ள செவிலியருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் அதுவும் வேலை நாள்தான், போக வர ஆகும் செலவு உங்களுடையது.

முன்னறிவிப்பு கொடுத்த பிறகு சில வீடுகளில் பார்வை மாறிவிடும். அலமாரியைப் பூட்டுவார்கள், பையைப் பார்ப்பார்கள், திடீரென்று கேமரா வைப்பார்கள். மூன்று வருடம் நம்பியவரை ஆறு வாரம் சந்தேகிக்க எந்தக் காரணமும் இல்லை. அவருடைய அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ "பத்திரமாக" உங்களிடம் இருந்தால் பேசிய அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவற்றைத் தன் கையிலேயே வைத்திருக்கும் உரிமை அவருடையது என்று 189-வது உடன்படிக்கை சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் என்றால் விசாவும் இந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கலாம். முன்னறிவிப்புத் தேதியைத் தீர்மானிக்கும் முன்பே, வேலை முடிந்தபின் அவர் எத்தனை நாள் சட்டப்படி தங்கலாம், பயணச்சீட்டு யார் பொறுப்பு என்பதைப் பார்த்துவிடுங்கள்.

கடைசி நாள்

பணம் முதலில், கையெழுத்து பிறகு. வங்கியில் போட்டால் அவர் கணக்கில் வந்துவிட்டதை அவர் பார்த்த பிறகு ரசீது. கையில் கொடுத்தால் அவர் எதிரே எண்ணிக் கொடுத்துவிட்டு ரசீது. அதில் ஒவ்வொரு வரியின் தொகையும், தேதியும் இருக்கட்டும். "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரியைச் சேர்க்காதீர்கள். பல இடங்களில் சட்டப்படியான உரிமையை அப்படி எழுதி வாங்கிவிட முடியாது. முடிந்தாலும், நியாயமாகக் கொடுத்த கணக்குக்கு அந்த வரி தேவையில்லை.

ஏதாவது ஒரு வரியில் இன்னும் உடன்பாடு வராமல் இருக்கலாம். ஓய்வு நாள் கணக்கு 3,600-ஆ 4,800-ஆ என்று பேச்சு முடியவில்லை என்று வையுங்கள். அதற்காக மொத்தப் பணத்தையும் நிறுத்தாதீர்கள். உடன்பட்ட தொகையை அன்றே கொடுங்கள். எந்த வரி நிலுவையில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். சாவி திரும்ப வாங்குவதும் அப்படியே: ஜூலை 31 வரை தங்குகிறார் என்றால் சாவியும் அன்றுவரை அவரிடம்தான்.

சமூகப் பாதுகாப்புச் சந்தா, காப்பீடு, வரிப் பதிவு ஏதாவது அவர் பெயரில் கட்டி வந்திருந்தால், கடைசி நாளைக் குறித்து முடித்துவைத்து, வேலையின்மை உதவி கேட்க அவருக்கு வேண்டிய படிவத்தைக் கையில் கொடுங்கள். இதைச் செய்ய மறந்தால் சில இடங்களில் அவருக்கு உதவித்தொகை நின்றுபோகும்.

முதியவர் இறந்துவிட்டால்

அப்போது முன்னறிவிப்புக்கு நேரமே இருக்காது. துக்க வீட்டில் முதலில் மறக்கப்படுபவர் பராமரிப்பாளர்தான். பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் துக்கத்தில் இருப்பார், கூடவே வந்தவர்களைக் கவனிக்கும் வேலையும் அவர் மேல் விழும். அந்த நாட்களும் வேலை நாட்கள். முன்னறிவிப்புக் காலத்தை இறந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ண முடியாது. பொறுப்பான ஒருவர் ஒரு வாரத்துக்குள் உட்கார்ந்து சொல்லி, அன்றிலிருந்து எண்ண வேண்டும், அல்லது அந்தக் காலத்துக்கான சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தமோ சட்டமோ வேறு சொன்னால் அதன்படி.

சம்பளம் கொடுத்து வந்தது இறந்தவரே என்றால் ஒரு சிக்கல் வரும்: அவருடைய வங்கிக் கணக்கு முடங்கிவிடும், வாரிசுச் சான்று வர மாதக்கணக்கில் ஆகும். பராமரிப்பாளரின் நிலுவை, இறந்தவரின் சொத்திலிருந்து தீர்க்க வேண்டிய கடன். அதற்காக அவர் காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளைகளில் ஒருவர் தன் பணத்திலிருந்து கொடுத்து, ரசீதை வைத்துக்கொண்டு, பிறகு சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரத்திலேயே இதை யார் செய்வது என்று உடன்பிறந்தவர்கள் பேசிவிடுங்கள். இல்லையென்றால் அவர் அண்ணனைக் கேட்பார், அண்ணன் தங்கையைக் கேட்கச் சொல்வார்.

பிறகு

ஒப்பந்தம், கடிதப் பிரதி, கணக்குத் தாள், ரசீது நான்கையும் ஒரே உறையில் போட்டு, உங்கள் இடத்தின் சட்டம் சொல்லும் காலம் வரை வையுங்கள். சம்பளக் கோரிக்கைக்குக் கால வரம்பு சில வருடங்களாக இருக்கலாம்.

அடுத்த குடும்பம் உங்களைத் தொலைபேசியில் அழைக்கும். சான்றிதழில் எழுதியதையே சொல்லுங்கள். "வேற ஏதாவது இருக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். எழுதாத குறை எதையும் அப்போது புதிதாகச் சொல்லாதீர்கள். அவர் எவ்வளவு சம்பளம் வாங்கினார் என்று கேட்டால், அவரிடமே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் எண்ணை வைத்துத்தான் அவருடைய புதுச் சம்பளத்தைப் பேரம் பேசுவார்கள்.